எட்டு நீலத்தில் ஒரு குளம்

எங்கள் முதலாளிக்கு ஒரு பலவீனம் உண்டு. அசைகிற எதையும் அவர் உடனே நம்பிவிடுவார். அசையாத அட்டவணை ஒன்றைக் காட்டினால் கொட்டாவி விடுவார். அதே எண்களைத் தத்தித் தத்தி ஏறும் பட்டைகளாகக் காட்டினால் கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார். கொழும்பில் பத்து வருடம் மென்பொருள் விற்றவர். விற்றவர் என்றுதான் சொல்கிறேன், செய்தவர் என்று சொல்லவில்லை.

கிளிநொச்சியில் ஓர் உரக்கடையின் மேல்மாடி எங்கள் கந்தோர். கீழே யூரியா மூட்டை இறக்கும்போது மேலே என் மேசை நடுங்கும். முதலாளியை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும், அது அவருடைய உத்தரவு. எங்களுக்குள் முதலாளி தொழிலாளி வேறுபாடு இல்லை என்பார். லீவு கேட்டால் மட்டும் அந்த வேறுபாடு எங்கிருந்தோ திரும்பி வந்துவிடும்.

அந்த வருடம் நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு குளத்துக்கான செயலி. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ள குளம். இன்றைக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இத்தனை ஏக்கர் விதைத்தால் அது தொண்ணூறு நாளில் நாளுக்கு நாள் எப்படி இறங்கும் என்று கணக்குப் போட்டுப் படமாகக் காட்டும். மேலிருந்து பார்த்த குளம். ஆழமான இடம் கடும் நீலம், கரையை நோக்கி வரவர இளநீலம். நாள் போகப் போக நீலம் வெளிறிச் சுருங்கும். கணக்கு நல்ல கணக்கு. படத்தை நான் செய்தேன். அதுவும் நல்ல படம் என்பதை அடக்கமில்லாமலே சொல்கிறேன்.

இதை விவசாயிகள் அமைப்பின் கூட்டத்தில் காட்ட வேண்டும். சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் பயிருக்கு, எவ்வளவு விதைப்பது என்று அதிகாரிகளோடு கூடும் பெரிய கூட்டத்துக்கு முன்னால், விவசாயிகள் தங்களுக்குள் கூடி ஒரு முடிவுக்கு வருவார்கள். தண்ணீர் போதுமென்றால் அவரவர் தங்கள் காணி முழுவதையும் விதைக்கலாம். போதாதென்றால் பங்கு: குளத்துக்குக் கிட்ட இருக்கும் காணிகளை மட்டும் விதைத்து, அதை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது. அந்த ஒரு போகத்துக்கு மட்டும், வாய்க்காலின் கடைசியில் இருப்பவனும் முன்னால் இருப்பவனின் வயலில் அரை ஏக்கர் விதைப்பான். முன்னால் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. முழுவதையும் விதைத்து நடுவில் தண்ணீர் முடிந்தால் முதலில் காய்வது கடைசிக் காணிதான்; அவர்களுக்கு என்ன?

அந்த வாய்க்காலின் கடைசியில்தான் என் அப்பாவின் இரண்டு ஏக்கர் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு, கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவர். நல்ல காணிகள் எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்களுக்கு ஏற்கெனவே போய்விட்டதால், மிஞ்சியது கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுபோகம், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வற்றி, முழுவதையும் மாட்டுக்கு அறுத்துப் போட்டார். இன்னொரு தடவை அப்படி ஆனால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போவதாக முடிவெடுத்திருந்தார். இதை நான் கந்தோரில் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே என் வீட்டைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் அண்ணா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஆக்களுக்கு முன்னால செயலியை ஓடவிட ஏலாது. அங்க சிக்னல் ஒரு கோடுதான் வரும். ஒரு ஜிஃப் செய்து தாங்கோ. தானாத் திரும்பத் திரும்ப ஓடவேணும். நான் அதுக்கு மேல கதைச்சுக்கொள்ளுறன்."

கதைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

தொண்ணூறு நாள், நாளுக்கு ஒரு ஃபிரேம், ஆகத் தொண்ணூறு ஃபிரேம். முதலில் வெப்பி என்ற புதிய பட வடிவத்தில் எடுத்துப் பார்த்தேன். எழுநூறு கிலோபைட்டுக்குள் அடங்கியது, நீலமும் வழுவழுவென்று இருந்தது. ஆனால் அண்ணாவின் பழைய ஸ்லைட் மென்பொருளுக்கு வெப்பி அசையும் என்பதே தெரியாது. முதல் ஃபிரேமை, அதாவது நிறைந்த குளத்தை, சுவரில் மாட்டிய படம் போலக் காட்டிவிட்டு நின்றது. பிரவுசரில் திறந்து காட்டலாமே என்றேன். பிரவுசரில் காட்டினால் புரொஃபெஷனலாக இராதாம். ஐம்பது விவசாயிகள் மேலே இருக்கும் முகவரிப் பட்டையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

சரி, ஜிஃப். ஜிஃப் பழைய காலத்து வடிவம். ஒரு ஃபிரேமில் இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்கு மேல் அதற்குத் தாங்காது. என் குளத்தைச் சுற்றிலும் காடு, வயல், மண் ரோட்டு என்று பச்சையும் பழுப்பும் ஏராளம். அவை தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் நீலத்துக்கு. நிறம் போதாவிட்டால் வழுவழுவென்று மாற வேண்டிய நீலம் பட்டை பட்டையாக உடையும். அதை மறைக்க ஒரு வழி உண்டு: இரண்டு நீலங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து தூவினால், தூரத்திலிருந்து பார்க்கும் கண் ஏமாந்து இடையில் மூன்றாவது நீலம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஆனால் ஜிஃப் ஒரே நிறம் நீளத்துக்கு வந்தால்தான் நன்றாகச் சுருங்கும். புள்ளியைத் தூவினால் ஃபைல் ஊதிப்போகும். ஊதியது. எட்டு எம்.பி.

"ரெண்டு எம்.பி.," என்றார் அண்ணா. "இதையே கூட்டத்துக்கு வாற ஆக்களின்ர போனுக்கும் லிங்கா அனுப்பப் போறன். ரெண்டுக்கு மேல போனா அங்க திறக்காது."

அதில் அவர் சொன்னது சரி. அவர் சரியாகச் சொன்ன ஒன்றை மறைப்பது நியாயமில்லை, அப்படி அதிகம் இல்லாதபடியால்.

புள்ளி தூவுவதை ஒழுங்கான கட்டமாக மாற்றினேன். ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளி இடம் மாறாததால் கொஞ்சம் சுருங்கியது. அகலத்தைக் குறைத்தேன். இரண்டு நாளுக்கு ஒரு ஃபிரேமாக்கி நாற்பத்தைந்துக்கு வந்தேன். அசையாத காட்டையும் வயலையும் ஒரே தடவை மட்டும் எழுதிவிட்டு, மாறுகிற தண்ணீரை மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் எழுதச் செய்தேன். ஒன்று தசம் ஒன்பது. நீலத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது, ஆனால் குளம் குளமாக இருந்தது. மூலையில் தேதி ஓடியது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன், அங்கே வேறு யாரும் தட்டப்போவதில்லை என்பதால்.

அண்ணா பார்த்தார். இரண்டு சுற்று ஓடியது. மூன்றாவது சுற்றில் கையை உயர்த்தினார்.

"என்ன இது, குளம் வத்தி முடியுது, உடன டபக்கெண்டு நிறையுது. கண்ணில அடிக்குது. ஸ்மூத்தா வரவேணும்."

"அது திரும்ப முதல் நாளுக்குப் போகுது அண்ணா. கடைசி ஃபிரேமை ரெண்டு செக்கன் நிப்பாட்டி வைக்கிறன். இல்லாட்டி ஒருதரம் மட்டும் ஓடி நிக்கச் செய்யலாம்."

"நிண்டா பழுதாப்போட்டுது எண்டு நினைப்பினம். போய்த் திரும்பி வரட்டும். வத்தினபடியே அப்பிடியே பின்னால ஓடினா வெட்டுத் தெரியாது."

நான் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "அப்ப குளம் திரும்ப நிறையிற மாதிரியெல்லோ இருக்கும்," என்றேன்.

"அது டெமோ தங்கச்சி," என்றார், குழந்தைக்கு ஆறுதல் சொல்வது போல. "ஆர் அதை நிண்டு பாக்கப் போகினம்?"

இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியில் அவருடைய முழு ஆளும் இருக்கிறார். தான் காட்டுவதை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த மனிதர் பத்து வருடம் பிழைத்திருக்கிறார். நான் அவரை விடச் சிறந்தவள் என்று நினைத்துக்கொண்டு, கதிரையைத் திருப்பி, அவர் சொன்னதைச் செய்தேன்.

பின்னால் ஓடவிட்டால் ஃபிரேம் ஏறத்தாழ இரட்டிக்கும். நாற்பத்தைந்து எண்பத்தெட்டானது. இரண்டு முனையிலும் ஒரே ஃபிரேம் இரண்டு தடவை வந்து படம் திக்காமல் இருக்க, அவற்றைக் கழித்துத்தான் எண்பத்தெட்டு. ஃபைல் மூன்றரை எம்.பி. தாண்டியது. எதையாவது வெட்ட வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு ஃபிரேமாக்கினேன். போய் வர ஐம்பத்தெட்டு. போதவில்லை. புள்ளி தூவுவதை நிறுத்தினேன். போதவில்லை. நிறத்தை முப்பத்திரண்டுக்கு இறக்கினேன். காடும் வயலும் தங்களுடையதை எடுத்தபின் நீலத்துக்கு எட்டு நிறம் மிஞ்சியது. ஒன்று தசம் எட்டு எம்.பி.

குளம் எட்டு வளையமாக உடைந்திருந்தது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி வைத்தது போல, ஒன்றுக்குள் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரே நீலம், விளிம்பு கத்தி மாதிரிக் கூர்மை. எந்தப் பிழையையும் விட பட்டை விழுவதை நான் வெறுப்பவள். இரண்டு மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு அண்ணாவிடம் காட்டி, இதை இப்படி அனுப்ப வெட்கமாக இருக்கிறது என்றேன்.

"ஐயோ, இதுதான் வடிவு," என்றார். "வரைபடம் மாதிரி இருக்கு. முந்தினது புகை மாதிரி இருந்தது." பிறகு மூலையைச் சுட்டினார். "இந்தத் தேதி பின்னுக்கு ஓடுது. அசிங்கமாக் கிடக்கு. எடுத்துவிடுங்கோ."

தேதி பின்னால் ஓடியது, படம் பின்னால் ஓடியபடியால். அந்தப் படத்தில் உண்மை சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொருள் அதுதான். நான் அதை எடுத்தேன். ஒரு நிமிட வேலை. அந்த எழுத்து போனதால் ஃபைலும் கொஞ்சம் இறங்கியது, அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல்தான்.

கூட்டம் ஒரு பங்குனி மாதக் காலையில், குளக்கட்டுக்குக் கீழே உள்ள பொதுநோக்கு மண்டபத்தில். படம் தெரிவதற்காக யன்னல்களுக்கு உரப்பைகளைக் கட்டியிருந்தார்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, அதில் புரொஜெக்டரால் எங்கள் குளத்தை விழுத்தினோம். நான் பின்னால் மடிக்கணினியோடு. அண்ணா முன்னால், மடித்த கைச்சட்டையோடு. அப்பா வழக்கம் போல வாசல் ஓரம், கடைசிக் காணிக்காரர்களோடு. என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி ஏதோ சொன்னார். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணா இருபது நிமிடம் கதைத்தார். தரவு என்றார், செயற்கை நுண்ணறிவு என்றார். அந்தச் செயலியில் செயற்கை நுண்ணறிவு ஒரு துளி கிடையாது, கூட்டலும் கழித்தலும்தான். இவ்வளவு நேரமும் விரிப்பில் குளம் வற்றி, நிறைந்து, வற்றி, நிறைந்துகொண்டிருந்தது. வெட்டே தெரியவில்லை. அவ்வளவு ஸ்மூத்.

யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்றாரே. எல்லோரும் பார்த்தார்கள். அவரைத்தான் யாரும் கேட்கவில்லை. தங்கள் குளத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்கள்? லிங்க் திறந்த போன்களை இரண்டு மூன்று பேராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் விரலை நீட்டி எதையோ எண்ணினார். குளத்துக்குக் கிட்ட பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர்; பங்கு என்ற பேச்சு எழுந்தாலே இருமத் தொடங்குபவர்.

"தம்பி, எட்டு வளையம் கிடக்கு," என்றார். "ஒரு வளையம் ஒரு அடிதானே?"

அங்கே எல்லோரும் தண்ணீரை அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகான துருசில் இருக்கும் அளவுகோலும் அடிதான். நீலம் வளையம் வளையமாகத் தெரிந்தால் அதை அடி என்று வாசிப்பதில் அவர்களுக்கு ஒரு பிழையும் இல்லை. அது பட்டை விழுந்த ஜிஃப் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அளவுகோலில் அன்றைக்கு ஐந்து அடி. என் வளையங்கள் நிறத் தட்டுப்பாட்டில் பிறந்தவை. காடு இன்னும் இரண்டு பச்சை கேட்டிருந்தால் அவை ஆறாகியிருக்கும்.

"ஓம் ஐயா, அப்பிடித்தான்," என்றார் அண்ணா. கண்கூட இமைக்கவில்லை.

"அளவுகோலில அஞ்சு எண்டெல்லோ கிடக்கு?" என்றது ஒரு குரல்.

"அது துருசடியில மட்டும் பாக்கிறது. இது முழுக் குளமும்," என்றார் அண்ணா. அப்படி ஒரு வித்தியாசம் உலகத்தில் எங்கும் கிடையாது.

பெரியவர் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தியளே, குளம் வத்தி வந்து பிறகு நிறையுது. சித்திரையில ஒரு மழை இருக்கெண்டு கம்பியூட்டர் கணக்கெடுத்திருக்கு. போன முறையும் வந்ததுதானே. இனி என்னத்துக்குப் பங்கு? அவனவன் தன்ர காணியை விதைப்பம்."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, போகட்டும் விடு என்பது போலக் கண்ணை மூடித் திறந்தார். வாயைத் திறந்து சொல்ல எனக்கு அங்கே ஒரு முழு நிமிடம் இருந்தது. சித்திரை மழை என் கணக்கில் இல்லை, பின்னால் ஓடுகிற படம் அது, எட்டு வளையம் என்பது வெறும் எட்டு நிறம். மூன்று வசனம். வேலை போய்விடும் என்றும், இவ்வளவு பேருக்கு முன்னால் எப்படி என்றும், அதிகாரிகள் எப்படியும் திருத்துவார்கள் என்றும் அந்த நிமிடத்தைச் செலவழித்தேன். அண்ணாவைக் கோழை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அதைச் செய்தேன்.

அமைப்பின் செயலாளர் எழுந்து, முழுக் காணியும் விதைக்கச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கும்படி சொன்னார். முன்வரிசை முழுதும் உயர்ந்தது. நடுவில் தயங்கித் தயங்கிச் சில. வாசல் ஓரத்தில் ஒரு கையும் வராது என்று நம்பிக்கொண்டுதான் அங்கே பார்த்தேன். கடைசிக் காணிக்காரன் எவன் அதற்குக் கை தூக்குவான்?

அப்பாவின் கை மேலே இருந்தது. நேராக, முழங்கை மடியாமல். பக்கத்தில் இருந்தவர்களையும் தூக்கச் சொல்லிக் கண்ணால் ஏவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இரண்டு, பிறகு ஐந்து கைகள். செயலாளர் எண்ணத் தொடங்கினார்.

வெளியில் நான் கிளிநொச்சித் தமிழ் கதைப்பவள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததால் பழகிய பழக்கம். ஓம் என்பேன், எண்டு என்பேன், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது வீட்டில் பேசும் மலையகத் தமிழ்.

"கைய எறக்குங்கப்பா," என்று கத்தினேன். "அந்தத் தண்ணி கொளத்துல இல்ல. அது நான் செஞ்சது."

மண்டபம் திரும்பியது. மீதியை எந்தத் தமிழில் சொன்னேன் என்று நினைவில்லை. படத்தைப் பின்னால் ஓடவிட்டதையும், வளையங்கள் அடி இல்லை என்பதையும், தேதியை அழித்ததையும் சொன்னேன். பெரியவர், "தகப்பன் வாய்க்கால் வாலில காணி வச்சிருக்கிறார், அதுதான் பிள்ளை இப்ப மாத்திக் கதைக்குது," என்றார். நான் மடிக்கணினியிலேயே சோதனைக்கு வைத்திருந்த, சிக்னல் தேவையில்லாத செயலியைத் திறந்து, தேதியோடு, முன்னால் மட்டும் ஓடுகிற குளத்தைப் போட்டேன். முழுக் காணியும் விதைத்தால் அறுபத்து நாலாவது நாளில் நீலம் முடிந்தது. அது அங்கேயே நின்றது. செயலாளர் நான்கு பேரை எழுப்பி அளவுகோலைப் பார்த்து வர அனுப்பினார். அவர்கள் ஐந்து என்று சொன்ன பிறகு திரும்பக் கை தூக்கினார்கள். பங்கு என்று முடிவானது. அண்ணா அதற்குள் வெளியே நின்ற கந்தோர் வான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் வேலை என்ன ஆனது என்பதைச் சொல்லி அவருக்கு இன்னும் இரண்டு வரி கொடுக்க விரும்பவில்லை.

அப்பாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அரை ஏக்கர் நிச்சயம் கிடைக்கும், போகம் முடியும் வரைக்கும் தண்ணீர் பாயும் இடத்தில். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். 

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?" என்றார் பாதி வழியில்.

"ஆமாப்பா. செய்யுறப்பவே."

"அந்த எட்டு வளையம் எனக்கும் நம்புற மாதிரி இல்ல. காலையில குளிக்கப் போனப்ப அளவுகோலப் பாத்துட்டுத்தான் வந்தேன். அஞ்சுதான் இருந்துச்சு."

"அப்ப ஏன்பா கையத் தூக்குனீங்க?"

ரோட்டில் குழி வந்தது. நான் மெதுவாக்கி ஏறி இறங்கும் வரை காத்திருந்து சொன்னார்.

"எம் மக செஞ்சது தப்பா இருக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்."